இவர் போன பிறகு வீட்டுக் கணக்கை எங்கிருந்து தொடங்குவது?

"இவர், என்ர கணவர், இறந்து போய் ஆறு கிழமை. வாடகை, பில், வங்கி எல்லாம் அவர்தான் பார்த்தவர். எனக்கு கார்ட் போட்டுக் காசு எடுக்க மட்டும்தான் தெரியும். வெள்ளவத்தையில் வாடகை பிளாட், படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர். தையலில் எனக்கு மாதம் நாற்பதாயிரம் வரும். கம்பனியால் பெரிய காசு வரும் எண்டு சொல்லுகினம். அது வந்தால் என்ன செய்யிறது, எங்கயிருந்து தொடங்குறது?"

வரப்போகிற காசை என்ன செய்வது என்பதை இப்போது யோசிக்க வேண்டாம். அதற்கு முதல், உங்கள் வீட்டில் ஒரு வருடத்தில் எவ்வளவு காசு வந்தது, எவ்வளவு எங்கே போனது என்று தெரிய வேண்டும். அது தெரியாமல் எடுக்கிற முடிவெல்லாம் பிறர் சொல்லி எடுக்கிற முடிவாகத்தான் இருக்கும். நல்ல விசயம் என்னவென்றால், அந்தக் கணக்கு ஏற்கெனவே எழுதப்பட்டு உங்கள் வீட்டிலேயே கிடக்கிறது. தேடி எடுக்க வேண்டியதுதான் வேலை.

முதல் இடம் அவருடைய கைத்தொலைபேசி. அந்த இலக்கத்தை வெட்டிவிடாதீர்கள். மாத பில் வருகிற இணைப்பு என்றால் ஆகக் குறைந்த பக்கேஜுக்கு மாற்றி, குறைந்தது ஒரு வருடம் உயிரோடு வைத்திருங்கள். வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்திகள் எல்லாம் அதில் இருக்கும்: எந்தத் திகதி எவ்வளவு கழிந்தது, எந்தக் கணக்கின் கடைசி நாலு இலக்கம், இன்சூரன்ஸ் தவணை எப்போது, கிரெடிட் கார்ட் மிச்சம் எவ்வளவு. நீங்கள் கேள்வியே படாத ஒரு வங்கியின் பெயரோ ஒரு பொலிசியின் பெயரோ அதில்தான் முதலில் கண்ணில் படும். ஆனால் அதில் வருகிற ஓ.டி.பி.யை வைத்து அவருடைய கணக்கிலிருந்து காசை மாற்றாதீர்கள், அவருடைய கார்டாலும் எடுக்காதீர்கள். அவர் இறந்த திகதிக்குப் பிறகு அந்தத் தனிக் கணக்கில் உள்ள காசு எல்லா வாரிசுகளுக்கும் உரியது. பிறகு வங்கி கேட்கும், மாமியார் வீட்டார் கேட்பார்கள், பதில் சொல்வது கஷ்டம்.

இரண்டாவது இடம் அவருடைய ஃபைல், அலுமாரி லாச்சி, ஒபிஸ் பை. வாடகை ஒப்பந்தம், பொலிசிப் பத்திரம், பிக்ஸட் சான்றிதழ், வங்கிப் புத்தகம், அடகுத் துண்டு, சேமலாப நிதிக் கூற்று ஆகியவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள். அடகுத் துண்டு இருந்தால் அன்றைக்கே திகதியைப் பாருங்கள். தவணை தாண்டினால் நகை ஏலத்துக்குப் போகும். வட்டியை மட்டும் கட்டித் தவணையைப் புதுப்பிக்க முடியுமா என்று கேளுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் முற்பணம் எவ்வளவு என்று பாருங்கள். கொழும்பில் ஆறு மாதம், ஒரு வருடம் என்று முற்பணம் வாங்குவது வழக்கம், அது உங்கள் காசு. அவருடைய பெயரில் இருக்கிற ஒப்பந்தத்தை, அந்த முற்பணத் தொகையையும் குறிப்பிட்டு, உங்கள் பெயருக்கு மாற்றி எழுதக் கேளுங்கள். இல்லையென்றால் வீடு மாறுகிற நாளில் அந்தக் காசுக்கு உங்கள் கையில் ஆதாரம் இராது.

இப்போது ஒரு பெரிய சி.ஆர். கொப்பி வாங்குங்கள். ஒரு பக்கத்தில் பன்னிரண்டு மாதத்தையும் எழுதுங்கள். குறுஞ்செய்தி, வங்கிக் கூற்று, பில் எல்லாவற்றையும் பார்த்து ஒவ்வொரு மாதமும் போன காசை அந்தந்த மாதத்துக்கு நேரே பதியுங்கள். மூன்று மாதத்தோடு நிறுத்திவிடாதீர்கள், ஏனென்றால் வீட்டைக் கவிழ்ப்பது மாதாமாதம் வருகிற செலவல்ல. ஜனவரியில் வருகிற பள்ளிக்கூடக் காசும் சப்பாத்தும் கொப்பியும், வருடத்துக்கு ஒருக்கா வருகிற மருத்துவக் காப்புறுதி, தீபாவளி, ஊருக்குப் போய்வருகிற செலவு, இனி வரப்போகிற ஆண்டுத்திவசம், இவைதான் திடீரென்று வந்ததுபோல் நிற்கும். அவர் இருந்தபோது போனஸ் காசில் இவற்றைச் சமாளித்திருப்பார், உங்களுக்குத் தெரிந்திராது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் கொப்பியில் வருவதை அந்த இடத்தில் போடுங்கள். வாடகை 70,000. சாப்பாட்டுச் சாமான், மீன், மரக்கறி, பால்மா 55,000. ரியூசன் 16,000. ஸ்கூல் வான் 12,000. மின்சாரம் 6,500. தண்ணீர் 2,000. போனும் இன்ரநெட்டும் 4,500. கேஸ் 3,000. மருந்து 5,000. பஸ், ஓட்டோ 6,000. கூட்டினால் மாதம் 1,80,000. வருடத்துக்கு ஒருக்கா வருவதெல்லாம் சேர்த்து 2,88,000 என்று வைப்போம். அதைப் பன்னிரண்டால் பிரித்தால் மாதம் 24,000. ஆக, இந்த வீடு மாதம் 2,04,000 கேட்கிறது. தையலில் வருவது 40,000. குறைவது 1,64,000. இந்த ஒரு எண்தான் உங்களுக்கு வேண்டியது. இதற்குப் பிறகு யார் எதைச் சொன்னாலும் இந்த எண்ணை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு ஆள் குறைந்தால் செலவு காற்பங்கு குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். வாடகை குறையாது, வான் குறையாது, ரியூசன் குறையாது. அவருடைய போக்குவரத்தும் மத்தியானச் சாப்பாடும் போன் பில்லும் மட்டும்தான் குறையும். மின்சாரம் கொஞ்சம் வேறுமாதிரி. வீட்டுப் பாவனைக்கான கட்டணம் படிகளாக இருக்கிறது, மேல்படியில் உள்ள அலகுக்கு விலை கூட. அதனால் ஏ.சி. ஓடுகிற நேரமோ இஸ்திரிப் பெட்டி ஓடுகிற நேரமோ குறைந்து, அலகுகள் ஒரு படி கீழே இறங்கினால், பில் அலகு குறைந்ததைவிட அதிகமாகக் குறையும். பில்லில் உள்ள அலகு எண்ணிக்கையை ரூபாய்க்குப் பக்கத்தில் எழுதி வந்தால் நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

இனி வருகிற காசைப் பார்ப்போம். கம்பனியால் வருவது ஒரு காசல்ல, மூன்று. ஊழியர் சேமலாப நிதியில் அவருடைய பங்கு 8 சதவீதமும் கம்பனியின் பங்கு 12 சதவீதமும் சேர்ந்திருக்கும். ஊழியர் நம்பிக்கை நிதிக்குக் கம்பனி தனியாக 3 சதவீதம் கட்டியிருக்கும். இதைக் கேட்காமல் விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர், இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் வேறுவேறு விண்ணப்பம். மூன்றாவது பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்த கம்பனியில் ஐந்து வருடம் முடித்தவர் இறந்தால், பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் வாரிசுகளுக்குப் போக வேண்டும். கடைசிச் சம்பளம் 1,20,000, பதினெட்டு வருடச் சேவை என்றால் 60,000ஐப் பதினெட்டால் பெருக்கி 10,80,000. இந்தக் கணக்கை வீட்டிலேயே போட்டுக்கொண்டு கம்பனிக்குப் போங்கள். அவர்கள் சொல்கிற தொகை வித்தியாசமாக இருந்தால் எந்தச் சம்பளத்தை எடுத்தார்கள், எத்தனை வருடத்தை எடுத்தார்கள் என்று கேட்க முடியும். சேமலாப நிதிக் கூற்றில் மாதங்கள் விடுபட்டிருந்தால், அந்த மாதச் சம்பளத் துண்டில் 8 சதவீதம் கழித்திருக்கிறார்களா என்று பாருங்கள். கழித்துவிட்டுக் கட்டாமல் இருந்தால் நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்யலாம்.

இந்த விண்ணப்பங்கள் இழுபடுவதற்குப் பெரும்பாலும் காரணம் பெயர். அடையாள அட்டையில் ஒரு எழுத்து, மரணச் சான்றிதழில் இன்னொரு எழுத்து, கம்பனிப் பதிவில் முதலெழுத்து மட்டும், விவாகச் சான்றிதழில் தகப்பன் பெயர் முன்னால். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் எழுதும்போது இப்படித்தான் ஆகிறது. எல்லா ஆவணத்தையும் மேசையில் வரிசையாக வைத்து அவருடைய பெயரையும் உங்களுடைய பெயரையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி முடித்து முதலிலேயே இணைத்துவிடுங்கள். மரணச் சான்றிதழில் எட்டுப் பிரதியாவது எடுத்து வையுங்கள். வங்கி, இன்சூரன்ஸ், இரண்டு நிதி, கம்பனி என்று ஒவ்வொரு இடமும் ஒன்று கேட்கும். தனக்குப் பிறகு காசு எடுக்க வேண்டியவராக, அதாவது பின்னுரித்தாளராக, யாருடைய பெயரை அவர் கொடுத்திருக்கிறார் என்பதையும் கம்பனியில் கேளுங்கள். கலியாணத்துக்கு முதல் தாயின் பெயரைக் கொடுத்து, பிறகு மாற்றாமல் விட்டிருப்பது நிறைய வீடுகளில் நடக்கிறது. அப்படி இருந்தால் விண்ணப்பத்தைக் கொடுக்க முதல் மாமியாரோடு இருந்து பேசுவது நல்லது.

வங்கிக் கணக்கு மூன்று வகை. இருவர் பெயரிலும், உயிரோடிருப்பவர் எடுக்கலாம் என்ற நிபந்தனையோடு இருந்தால் நீங்கள் தொடர்ந்து பாவிக்கலாம். அவர் பெயரில் மட்டும் இருந்து உங்களைப் பின்னுரித்தாளராகப் போட்டிருந்தால், மரணச் சான்றிதழோடு போய் எடுக்கலாம். அவர் பெயரில் மட்டும், வேறு ஒன்றும் இல்லை என்றால், தொகை பெரிதாக இருந்தால் இறந்தவரின் சொத்தை வாரிசுகளுக்குக் கொடுப்பதற்கான மரணசாசன வழக்கை மாவட்ட நீதிமன்றத்தில் போட வேண்டிவரும். அது மாதக் கணக்கில் போகும். ஆகவே அந்தக் காசை முதல் வருடக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம், பூச்சியம் என்று எழுதுங்கள். பங்கும் எல்லோருக்கும் ஒரே மாதிரியில்லை. உயில் இல்லாவிட்டால் பொதுச் சட்டப்படி மனைவிக்கு அரைவாசி, பிள்ளைகளுக்கு அரைவாசி. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர் என்றால் கொழும்பில் இருந்தாலும் தேசவழமைச் சட்டம் வரலாம், முஸ்லிம்களுக்கு வேறு சட்டம். சட்டத்தரணியிடம் போனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

இறந்ததை வங்கிக்கு அறிவித்ததும் அவருடைய தனிக் கணக்கை நிறுத்துவார்கள். அதோடு அந்தக் கணக்கிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்த வாடகை, இன்சூரன்ஸ், லீசிங் எல்லாம் நின்றுவிடும். யாரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள், இரண்டு மாதம் கழித்துத் தண்டப்பணத்தோடு கடிதம்தான் வரும். அதனால் கொப்பியில் தானாகப் போகிற கட்டணங்களை ஒரு பக்கத்தில் எழுதி, வங்கிக்குப் போகிற அதே கிழமையில் அவற்றை உங்கள் கணக்குக்கு மாற்றுங்கள். உங்கள் பெயரில் கணக்கு இல்லையென்றால் அதை முதலில் திறவுங்கள். விலாசத்துக்கு ஆதாரம் கேட்பார்கள். பில் எல்லாம் வீட்டுக்காரர் பெயரில் இருந்தால் கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்றிதழ் எடுக்கலாம். கடன் ஏதும் இருந்தால், கட்ட முதல் அந்தக் கடனுக்கு ஆயுள் காப்புறுதி சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். வீட்டுக் கடனுக்கு அப்படி ஒரு காப்பு எடுக்கப்பட்டிருப்பது வழக்கம். மிச்சக் கடன் முழுக்க அதிலேயே தீரக்கூடும். நீங்கள் கையெழுத்து வைக்காத கடனை உங்கள் சொந்தக் காசிலிருந்து கட்ட வேண்டிய கடமை பொதுவாக இல்லை, அது அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்துதான் போக வேண்டும். "அவர் என்னட்டக் கைமாற்று வாங்கினவர்" என்று யாராவது வந்தால், எழுத்து இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் போட்டோப் பிரதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்திலேயே காசு கொடுக்காதீர்கள்.

எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது என்று வைப்போம். சேமலாப நிதி 38.2 இலட்சம், நம்பிக்கை நிதி 6, பணிக்கொடை 10.8, பொலிசி 15, கடைசிச் சம்பளமும் மற்றதும் 2. மொத்தம் 72 இலட்சம். வாழ்நாளில் ஒரே நேரத்தில் பார்த்திராத காசு. இப்போது அந்த 1,64,000ஐ எடுங்கள். 72 இலட்சத்தை அதால் பிரித்தால் 44 மாதம்கூட நிற்காது. வங்கியில் போட்டு வருடம் 8 சதவீத வட்டி கிடைத்தாலும் மாதம் 48,000தான். மிச்சம் 1,16,000 ஒவ்வொரு மாதமும் போட்ட முதல் தொகையிலிருந்து போகும், அந்தத் தொகை குறையக் குறைய வட்டியும் குறையும். இப்படியே விட்டால் ஐந்து வருடத்துக்குள் முடிந்துவிடும், சின்னப் பிள்ளை அப்போதும் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கக்கூடும். இந்த நிலையில் உண்மையில் கையில் பிடிக்கக்கூடிய பெரிய செலவு வாடகைதான். வெள்ளவத்தையை விட்டு 45,000க்கு ஒரு வீடு கிடைத்து, வான் காசு 5,000 கூடினாலும், மாதம் 20,000 மிச்சம். மீன் வாங்குவதைக் குறைத்து அந்தத் தொகையைச் சேர்க்க முடியாது. தையலோடு இன்னொரு 30,000 உழைக்க வழி வந்தால், இரண்டும் சேர்ந்து, மாதம் குறைகிற காசு 1,64,000இலிருந்து 1,14,000 ஆகும். இடம் மாறுவதைப் பிள்ளைகளின் வருட முடிவுவரை தள்ளிப்போடலாம், ஆனால் முடிவை அதற்கு முதலே எடுங்கள்.

காசை எங்கே வைப்பது? ஆறு மாதத்துக்குக் குறைகிற காசு, அதாவது கிட்டத்தட்ட 10 இலட்சம், சாதாரண சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். மிச்சம் 62 இலட்சத்தையும் ஒரே பிக்ஸட்டில் போடாதீர்கள். அவசரத்துக்கு ஒரு இலட்சம் தேவைப்பட்டாலும் முழுவதையும் உடைக்க வேண்டிவரும், இடையில் உடைத்தால் சொன்ன வட்டி கிடைக்காது. மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று துண்டுதுண்டாக, ஒன்று முடிய ஒன்று வருகிற மாதிரிப் போடுங்கள். வங்கி விழுந்தால் வைப்புக் காப்புறுதித் திட்டம் திருப்பித் தருவது ஒரு நிறுவனத்தில் ஒரு ஆளுக்கு 11 இலட்சம் வரைதான். அதனால் அரை வீதம் கூடத் தருகிறார்கள் என்று சிறிய நிதி நிறுவனமொன்றில் 30 இலட்சம் போடுவது சரியல்ல. 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் 10 சதவீதம் வரியாகக் கழிக்கிறார்கள். மேலே சொன்ன கணக்கில் வருடத்துக்கு 57,600 ரூபாய் அப்படிப் போகும். ஆனால் உங்கள் வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் என்றால், அதைக் கழிக்க வேண்டாம் என்று வங்கியில் ஒரு பிரகடனப் படிவம் கொடுக்கலாம். வரி இலக்கம் எடுத்துக்கொண்டு போங்கள். படிவத்தைக் கேட்டு வாங்குங்கள், அவர்களாகத் தரமாட்டார்கள்.

மாதம் 3 சதவீதம் தருகிறேன், 4 சதவீதம் தருகிறேன் என்று கட்டாயம் ஆள் வரும், பெரும்பாலும் தெரிந்த ஆள்தான். மாதம் 3 என்றால் வருடம் 36. வங்கி 8 கொடுக்கிற காலத்தில் 36 உழைக்கிற தொழில் செய்கிறவர் உங்களிடம் கடன் கேட்க வேண்டியதில்லை. முதல் நாலைந்து மாதம் வட்டி ஒழுங்காக வரும், அது உங்கள் காசுதான் உங்களுக்குத் திரும்பி வருகிறது. உறவினர் கைமாற்றுக் கேட்டால் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வது கஷ்டம். "எல்லாம் பிக்ஸட்டில் போட்டாச்சு, தவணை முடியாமல் எடுக்க ஏலாது" என்று சொல்லுங்கள். அது உண்மையாகவும் இருக்கும்.

வேறு நிலையில் உள்ளவர்களுக்கு இரண்டு விசயம். அரச உத்தியோகத்தர் அல்லது ஓய்வூதியர் இறந்திருந்தால், விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், எப்படி என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். இறந்த பிறகும் அவருடைய ஓய்வூதியம் கணக்குக்கு வந்தால் தொடாதீர்கள், அதைத் திருப்பி அறவிடுவார்கள். சொந்த வீடு என்றால் மாநகர சபைச் சோலைவரியை ஜனவரி 31க்கு முதல் முழு வருடத்துக்கும் கட்டினால் 10 சதவீதம் கழிவு.

மனைவியை இழந்த கணவர்மாருக்குத் தெரியாமல் இருப்பது வேறு பக்கம். அவர்களுக்கு வங்கி தெரியும், வீட்டுக்குள் ஓடிய காசு தெரியாது. மனைவி சீட்டுக் கட்டினாரா என்று அயலில் கேளுங்கள். சீட்டை எடுக்காமல் கட்டிக்கொண்டிருந்தால் உங்களுக்குக் காசு வர வேண்டும், எடுத்துவிட்டிருந்தால் மிச்சத் தவணையை நீங்கள் கட்ட வேண்டும். கடைக் கொப்பியில் கடன், வேலைக்கு வருகிற பிள்ளைக்குக் கொடுத்த முற்பணம், அடகில் இருக்கிற நகை, இவையெல்லாம் ஒரு கைப்பைக்குள் சின்னத் துண்டுகளாக இருக்கும். அந்தக் கைப்பையை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

கொப்பியை நாலாவது மாதம் ஒருக்கா திறந்து, குறையும் என்று நினைத்த 1,64,000க்கும் உண்மையில் குறைந்ததற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். கூடிப்போயிருந்தால் பெரும்பாலும் சாப்பாட்டிலோ ஓட்டோவிலோ இராது. விடுபட்டுப்போன ஒரு வருடாந்தச் செலவாகத்தான் இருக்கும். அதை அடுத்த வருடத்து அதே மாதத்துக்கு நேரே எழுதி, பன்னிரண்டால் பிரித்து, குறைகிற தொகையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.